கல்லாக் கண்ணாடியின் கீறல்

"அந்தத் தழும்பு மேல மட்டும் கைய வைக்காதீங்க. வேற எங்க வேணும்னாலும் துடைங்க."

"சார், அது தழும்பு இல்ல. கீறல். படத்துல விழுந்த கீறல்."

"எங்கப்பா கன்னத்துல இருக்கறது கீறலா தழும்பான்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். ஆனா அது கன்னத்தோட நிக்கலையே. காலரைத் தாண்டி, பின்னாடி இருக்கற சுவர் வரைக்கும் போகுது பாருங்க. சுவத்துக்குமா வெட்டு விழும்?"

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "வெட்டு விழுந்தப்போ அப்பா சுவத்துல சாஞ்சிட்டுதான் இருந்தார்" என்றார்.

கீறலைக் காட்டிக்கொண்டிருந்த விரலை அவள் திரையிலிருந்து எடுத்துக்கொண்டாள். இந்த ஸ்டுடியோவில் பழைய படங்களைச் சரிசெய்வது அவள் வேலை. முதலாளி அவளை "ரிப்பேர்" என்றுதான் கூப்பிடுவார். முதலாளிக்கு அவளும் மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாள்: ஸ்டைல். வாசல் பலகையில் "பழைய படம், புது ஓவியம், காத்திருந்து வாங்கிச் செல்லலாம்" என்று எழுதியவர் அவர்தான். காத்திருந்து வாங்கிச் செல்வது என்றால் நடுவில் ரிப்பேருக்கு நேரம் இருக்காது என்பது பலகையைப் பார்த்தாலே தெரியும்.

இந்தப் படத்துக்கும் அதுதான் நடந்தது. குடைக்கடைக்காரக் குடும்பம். வருகிற சனிக்கிழமை இரண்டாவது கடை திறக்கிறார்கள். கடையை ஆரம்பித்த அப்பாவை ஆளுயர எண்ணெய் ஓவியமாக வாசலில் நிறுத்த வேண்டும். மூத்த மகனான பெரியவர் தன் போனிலிருந்து ஒரு படம் அனுப்பினார். அது அவருக்குத் தங்கை அனுப்பியது, தங்கைக்குத் தம்பி அனுப்பியது, தம்பி எப்போதோ எதிலிருந்தோ எடுத்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி, கடைசியில் ஸ்டுடியோவுக்கு வந்தபோது அப்பா தபால்தலையை விடச் சிறியவராக இருந்தார். முதலாளி அதை அப்படியே ஓவியம் போடும் மென்பொருளுக்குள் தள்ளிவிட்டார்.

அந்த மென்பொருளுக்கு முகம் என்றால் என்னவென்று தெரியாது. வெளிச்சமும் இருட்டும் எங்கே சந்திக்கின்றன என்று பார்க்கும், அந்த ஓரமாகவே தூரிகையை இழுக்கும். அப்பாவின் மூக்கு ஓரம் மங்கல். உதடு அதைவிட மங்கல். படத்திலேயே பளிச்சென்று இருந்த ஒரே ஓரம் அந்தக் கீறல். ஆகவே கெட்டியான வெள்ளைச் சாயத்தை அதன் மேல் அப்பி, இரண்டு பக்கமும் சிவப்பு நிழல் கொடுத்து, ஒரு மாவீரனின் வெட்டுக்காயத்தை வரைந்து முடித்திருந்தது. நசுங்கலில் வந்த சின்னச் சின்னச் சதுரங்களையும் விட்டுவைக்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால், அப்பாவின் நெற்றியில் யாரோ குளியலறை ஓடு பதித்தது போல இருந்தது. இடது காது சுவருக்குள் போய்விட்டது.

குடும்பமே மயங்கிவிட்டது.

"என்ன கம்பீரம்!" என்றாள் அந்தத் தங்கை, வீட்டின் ஒரே மகள். தம்பியான சின்னவன் உடனே புதுக் கடைப் பைகளுக்கு ஒரு வாசகம் எழுதினான்: மழையோடு மோதிய முகம். பெரியவருக்கு அன்றைக்கே ஒரு நினைவு வந்தது. அப்பா ஒருமுறை குடையை வைத்துக்கொண்டே ஒரு திருடனைத் துரத்தியிருக்கிறார். மறுநாள் அது இரண்டு திருடர்கள் ஆனது. இன்று காலை அவர் ஸ்டுடியோ படியேறும்போது அவர்களில் ஒருவன் கையில் அரிவாள் வந்திருந்தது. அப்பா போனபோது பெரியவர் அரைக்கால் சட்டை போடும் வயசு. மற்ற இருவருக்கும் அந்த வயசும் இல்லை. அதனால் மறுத்துப் பேச ஆள் இல்லை.

ஆள் இருந்தார். மூலையில் நாற்காலி நுனியில், மடியில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவர்களுடைய அம்மா. அந்தக் கடையின் கல்லாவில் இன்றும் உட்காருவது அவர்தான் என்பதால் தெருவுக்கே அவர் கல்லாம்மா. பிள்ளைகள் ஓவியத்தைத் திருப்பி அவரிடம் காட்டினார்கள்.

கல்லாம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். "யாரு இது?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவுக்கு எப்பவும் குசும்பு என்றாள் மகள். கல்லாம்மா சிரிக்கவில்லை என்பதை ரிப்பேர் மட்டும் கவனித்தாள்.

"சார், அசல் படம் கிடைச்சா போதும்" என்றாள் முதலாளியிடம். "முதல்ல சுத்தம் பண்ணிட்டு, பெரிசு பண்ணிட்டு, அப்புறம் நீங்க என்ன ஸ்டைல் வேணும்னாலும் போடுங்க. அழுக்கோட போட்டா அழுக்குதான் ஓவியமாகும்."

"ரிப்பேரு, ஜனங்க சுவத்துல மாட்டறது படத்தை இல்ல. ஸ்டைலை" என்றார் முதலாளி. "எண்ணெய்ச் சாயம் போட்டா எந்த ஓட்டையும் தெரியாது. அதுக்குத்தானே அது இருக்கு?"

ஆனால் ஆளுயரத்துக்கு அச்சடித்துப் பார்த்தபோது நெற்றி ஓடுகள் ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு வந்ததால், அவரும் இறங்கி வந்தார். அசல் தேடும் படலம் ஆரம்பித்தது. மகள் ஒரு படம் அனுப்பினாள். அது பெரியவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டே, அவருடைய போன் சார்ஜ் எவ்வளவு என்ற விவரத்தோடு. பெரியவர் இன்னொன்று அனுப்பினார். அதில் அப்பாவின் தலைக்கு மேல் யாரோ ஒரு சிவப்பு இதயம் ஒட்டியிருந்தார்கள். சின்னவன் "எச்.டி. அனுப்பறேன்" என்று சொல்லி, அதே படத்தைப் பெரிதாக இழுத்து அனுப்பினான். இப்போது மங்கலே பெரிய மங்கலாக இருந்தது.

"அசல் எங்கேன்னுதானே கேக்குற?" என்றார் கல்லாம்மா மூலையிலிருந்து. "கல்லாக் கண்ணாடிக்கு அடியில இருக்கே. நான் தினமும் அவர் மேலதானே சில்லறை எண்ணறேன்."

குடைக்கடை ஒரு நீளமான இருட்டு அறை. மேலே கொக்கிகளில் மடக்கிய குடைகள், தூங்கும் வௌவால்கள் மாதிரி. கல்லா மேசையின் மேல் தடிமனான கண்ணாடி. அதற்கு அடியில் ஒரு பழைய நாட்காட்டித் தாள், ஒரு பேருந்துச் சீட்டு, நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கடை வாசலில், சுவர் ஓரமாக ஒரு மனிதர். குடை மொத்த வியாபாரி ஒருவர் புதுக் கேமரா வாங்கிய மகிழ்ச்சியில் எடுத்தது. அப்பாவின் ஒரே படம் அதுதான். கேமராவைக் கண்டால் அவர் ஓடிவிடுவாராம்.

பெரியவர் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, இரும்பு ஸ்கேலை அடியில் விடப் போனார்.

"ஐயோ, உரிக்காதீங்க சார்!" என்று அவள் கையைப் பிடித்தே விட்டாள். "படம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. இழுத்தா முகம் கண்ணாடியோட போகும், உங்க கையில வெறும் காகிதம்தான் வரும்."

"அப்ப எப்படி எடுப்பீங்க?"

"எடுக்க மாட்டேன். இருக்கற இடத்துலயே படம் பிடிப்பேன்."

கேமராவுக்கான முக்காலியை மேசை மேல் நிறுத்தி, கேமராவை நேர் கீழே பார்க்க வைத்தாள். இரண்டு பக்கமும் சாய்வாக இரண்டு விளக்குகள். ஆனால் மேலே இருந்த குழல் விளக்கு கண்ணாடியில் வெள்ளைக் கோடாகப் பிரதிபலித்தது. அதை அணைத்தால் வாடிக்கையாளர் வந்தால் என்ன செய்வது என்றார் பெரியவர். கல்லாம்மா ஒரு பெரிய கறுப்புக் குடையை விரித்து, கேமராவுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். பிரதிபலிப்பு போய்விட்டது. கடையின் உள்ளே, கூரைக்கு அடியில், குடை பிடித்து நிற்கும் ஒரு அம்மாவும் குனிந்து நிற்கும் ஒரு பெண்ணும். தெருவில் போனவர்கள் நின்று வானத்தைப் பார்த்தார்கள்.

இடது விளக்கு எரியும்போது கீறல் மின்னியது. அதை அணைத்து வலது விளக்கைப் போட்டாள், கீறலைக் காணவில்லை. மறுபடி இடது: வந்தது. அவள் கேமராவை விட்டுவிட்டு, விரல் நகத்தால் கண்ணாடியின் மேல்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். நகம் ஒரு இடத்தில் தட்டியது.

"சார், இங்க வந்து தொட்டுப் பாருங்க. கீறல் படத்துலயே இல்ல. கண்ணாடி மேல இருக்கு. காசு தேய்ச்சு தேய்ச்சு வந்தது."

பெரியவர் தொடவில்லை. கல்லாம்மா தொட்டார். குடைக்கு அடியில் அவர் தோள் குலுங்கியது. சிரிப்பு என்று தெரிய அவளுக்குச் சற்று நேரமானது.

"கேட்டியாடா? உங்கப்பன வெட்டினது யாருன்னு தெரிஞ்சு போச்சு. சில்லறை பாக்கி கேட்டவங்க."

"அம்மா, அந்தத் திருடன்..."

"எந்தத் திருடன்? அந்த மனுஷனுக்கு இடின்னா பயம். குடை விக்கற ஆளு. நல்லா மழை பிடிச்சு வியாபாரம் சூடு பிடிக்கும், இவரு இந்த மேசைக்கு அடியில உக்காந்திருப்பாரு. நான்தான் வெளியில நின்னு விப்பேன்."

பெரியவர் ஒரு வாடிக்கையாளரைத் தேடிக்கொண்டு வாசல் பக்கம் போனார். வாடிக்கையாளர் யாரும் இல்லை.

அவர் போன பிறகு கல்லாம்மா குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, ஒண்ணு சொல்றேன், இவங்ககிட்ட சொல்லாதே. எனக்கு அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமா மங்கிட்டே வருது. வயசாகுது, ஆகட்டும். கண்ணை மூடினா மங்கலாவாவது வருவாரு. ஆனா அந்த ஓவியத்தைப் பார்த்த நாள்லேர்ந்து, கண்ணை மூடினா தழும்போட வர்றாரு. சனிக்கிழமை அதைக் கொண்டுபோய் வாசல்ல வெச்சுட்டா, தினமும் பார்ப்பேன். அப்புறம் எனக்கு அவர் கிடைக்கவே மாட்டாரு."

ரிப்பேர் தலையாட்டினாள். கவலைப்படாதீங்கம்மா, நான் கொண்டுவந்து தரேன் என்றும் சொல்லிவிட்டாள். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஸ்டுடியோவில் அவள் வேலை செய்த அறைக்கு ஜன்னல் இல்லை. அவளுக்கு அது பிடிக்கும். திரையில் ஒரு பழைய முகத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டால், தூசிப் புள்ளிகள் நட்சத்திரங்களாகவும் காகிதத்தின் மடிப்புகள் ஆறுகளாகவும் தெரியும். ஏதோ ஒரு தூர தேசத்தின் வரைபடத்தை விரித்து வைத்தது போல இருக்கும். அந்த தேசத்தில் தான் மட்டும் நடப்பதாக நினைத்துக்கொள்வாள்.

இடது விளக்கில் எடுத்ததையும் வலது விளக்கில் எடுத்ததையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, எதில் கீறல் இல்லையோ அந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டாள். வெட்டுக்காயம் மருந்தே இல்லாமல் ஆறியது. பிறகு தூசிப் புள்ளிகள், ஒவ்வொன்றாக. பெரிசு பண்ணுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் பெரிசு பண்ணும் மென்பொருள் தூசியையும் மரியாதையாகக் கூர்மையாக்கி, மச்சமாகப் பதவி உயர்த்திவிடும். அடுத்து, இரைச்சலை, அதாவது பழைய படங்களில் மணல் தூவியது போலத் தெரியும் மணிகளை, லேசாகக் குறைத்தாள். அதிகம் குறைத்தால் தோல் பொம்மைத் தோலாகும். அதற்குப் பிறகே பெரிசாக்கினாள், ஒரேயடியாக இல்லை, இரண்டு மடங்கு, பார்த்துவிட்டு மறுபடி இரண்டு மடங்கு. தீப்பெட்டி மனிதர் கதவளவு வளர்ந்தார். கடைசியாக, முகத்தைத் தெளிவாக்கும் கருவியை ஓட்டினாள்.

அவர் வந்தார். பளிச்சென்ற இரண்டு கண்கள், ஒவ்வொரு இமைமுடியும் எண்ணலாம் போல. லேசான புன்னகை. அவள் நாற்காலியில் பின்னால் சாய்ந்து பார்த்தாள். எத்தனையோ வருஷம் காசுக்கு அடியில் கிடந்த ஒருவரை வெளியே கொண்டுவந்துவிட்டோம் என்று நினைத்தாள். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவளே வைத்திருந்த விதி. அன்றைக்கு அதைச் செய்யத் தோன்றவில்லை. அழகாக இருப்பதை யார் சந்தேகப்படுவார்கள்?

குடும்பம் வந்து திரைக்கு முன் நின்றது.

"தழும்பு எங்கே?" என்றார் பெரியவர்.

"அழகா இருக்காரு, ஆனா என்னமோ பேங்க் மேனேஜர் மாதிரி இருக்காரு" என்றாள் மகள்.

"மழையோடு மோதிய முகம் இது இல்ல. இது மழைக்கு லீவு போட்ட முகம்" என்றான் சின்னவன். பைகள் அச்சாகி வந்துவிட்டன என்பது அவன் கவலை.

முதலாளி இரண்டு கைகளையும் விரித்தார். "இதுக்கு ஏன் இவ்வளவு கவலை? தழும்பு வேணும், அவ்வளவுதானே? தனியா வரைஞ்சு மேல வெச்சுடலாம். முன்னாடி இருந்தது மங்கலான தழும்பு. அடியில இப்ப படம் சுத்தமா இருக்கு, தழும்பும் சும்மா கத்தி மாதிரி நிக்கும். அதுக்கு மேல எண்ணெய்ச் சாயம் போட்டா..." அவர் அவளைப் பெருமையோடு பார்த்தார். "ரிப்பேரு சொன்னது சரிதாங்க. முதல்ல ரிப்பேர், அப்புறம்தான் ஸ்டைல். இனிமே நம்ம கடையில இதுதான் முறை."

பலகையில் அதையும் எழுதிவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது.

பிள்ளைகள் தழும்பின் நீளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே முதலாளியோடு அச்சு அறைக்குப் போனார்கள். கல்லாம்மா மட்டும் திரைக்கு முன்னால் நின்றார்.

"இதுவும் நல்லா இருக்கு" என்றார். குரலில் கோபம் இல்லை. "இது யாரு?"

அவள் திரையைத் திரும்பப் பார்த்தாள். "அம்மா, அசல்லேர்ந்துதான்..."

"அவருக்கு இடது கண்ணு இமை பாதி இறங்கியே இருக்கும். பிறவியிலேயே. சாத்தலாமா வேண்டாமான்னு யோசிக்கற ஷட்டர் மாதிரி. கல்யாணத்துக்கு முன்னாடி, என்னைப் பார்த்துக் கண்ணடிக்கறாருன்னு நெனச்சேன். அப்புறம் பார்த்தா எல்லாரையும் அப்படித்தான் பார்க்கறாரு."

அவள் உட்கார்ந்து, முதன்முதலில் எடுத்த படத்தைத் திறந்து, இடது கண்ணைப் பெரிதாக்கினாள். இருந்தது. வலது கண்ணில் கறுப்பு மணிகள் இருந்த இடத்தில், இடது கண்ணின் மேல் பாதியில் சாம்பல் நிற மணிகள் சில. குலுங்கலில் வந்த மங்கல் என்று அவள் தாண்டிப் போன இடம். முகம் தெளிவாக்கும் கருவி அதுவரை பார்த்த ஆயிரமாயிரம் கண்கள் எல்லாம் திறந்தே இருந்திருக்கும். அது இதையும் திறந்துவிட்டது. முதலாளியின் மென்பொருள் ஒரு தழும்பைச் சேர்த்தது. அவளுடையது ஒரு இமையை எடுத்துவிட்டது. அவளுடையது மரியாதையாகச் செய்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"உக்காருங்கம்மா" என்றாள்.

கல்லாம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். முகம் தெளிவாக்கும் கருவி சேர்த்த அடுக்கை அவள் முழுவதும் எடுத்தாள். இமைமுடிகள் போயின. புன்னகையின் பளபளப்பு போனது. பெரிசாக்கியதையும் ஒரு படி பின்னுக்குக் கொண்டுவந்து, மணிகள் மணிகளாகவே தெரியும்படி விட்டாள். ஓவியம் எதுவும் போடவில்லை. திரையில் கல்லாவில் வைக்கிற அளவுக்கு, உள்ளங்கையளவு ஒரு மனிதர் மிஞ்சினார். கொஞ்சம் மங்கல். ஒரு கண் பாதி மூடியிருந்தது.

கல்லாம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டார். பக்கத்து அறையில் அச்சு இயந்திரம் ஆளுயரக் கித்தானை இழுக்கும் சத்தம் கேட்டது. "இன்னும் கொஞ்சம் சிவப்பு!" என்று பெரியவர் யாரிடமோ கத்தினார்.

"இந்த இமை?" என்று கேட்டார் கல்லாம்மா, விரலைத் திரையில் படாமல் வைத்து.

"அது அவருதாம்மா. அசல்லயே இருக்கு."

"இந்தப் புருவம்?"

"அதுல... பாதி அவரு. நடுவுல கொஞ்சம் இடம் வெறுமையா இருந்துச்சு. பெரிசு பண்ணும்போது மெஷின் ஊகிச்சு நிரப்பிக்கும்."

"உதடு?"

அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். இன்னும் பெரிதாக்கினாள். "சரியாத் தெரியலம்மா" என்றாள்.

கல்லாம்மா தலையாட்டினார், சில்லறை சரியாக இருக்கிறது என்பது போல. மடியிலிருந்த பையைத் திறந்து, கல்லாவில் விலை எழுதுகிற தடிப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"அப்ப ஒண்ணு பண்ணும்மா. இதை ஒரு காகிதத்துல அடிச்சு எடுத்து, எது வரைக்கும் அவரு, எங்கேர்ந்து உன் மெஷினுன்னு ஒரு கோடு போட்டுக் குடுக்கறியா? நான் அந்த அவரை மட்டும் பார்த்துக்கறேன்."